சிரிப்பு இருக்கட்டும், தேயிலை எங்கே?

தாப்பாவிலிருந்து பழைய சாலையில் மலையேறி ரிங்லெட்டைத் தாண்டினால், கேமரன் மலையின் தேயிலைச் சரிவுகள் பச்சைக் கம்பளமாய் விரியத் தொடங்கும். அந்தச் சரிவுகளில் பெரும்பகுதிக்கு உரிய பெயரை நம் வீட்டுச் சமையலறை அலமாரியிலும் பார்க்கலாம்: ‘போ’. 1929இல் ஜே.ஏ. ரஸல் தொடங்கிய நிறுவனம். அதன் விளம்பர வாசகம் நம் நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்: “போ, அடா உம்ஃப்!”

இதைத் தமிழ்க் காதால் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பெயர் ‘போ’ என்கிறது, அடுத்த சொல் ‘அடா’. சேர்த்துச் சொன்னால் ‘போடா’! காலை நேரத்தில் ஒரு தேயிலைப் பொட்டலம் நம்மைப் பார்த்து ‘போடா’ என்கிறது, நாமும் காசு கொடுத்து வாங்கி வருகிறோம். பினாங்குப் பக்கத்து ஹொக்கியன் சீனருக்கு வேறு வேடிக்கை. அவர்கள் பேச்சில் ‘போ’ என்றால் ‘இல்லை’. மலாயில் ‘அடா’ என்றால் ‘இருக்கிறது’. ஆக, ‘இல்லை, இருக்கிறது’ என்று ஒரு விளம்பரம். எழுதியவர்கள் இதையெல்லாம் நினைத்தார்களோ இல்லையோ, மூன்று இனத்தவரும் ஆளுக்கொரு விதமாகச் சிரித்துக்கொள்ளலாம். யார் மனமும் நோகவில்லை, தேயிலையும் மறக்கப்படவில்லை.

விளம்பரத்தில் நகைச்சுவை வைக்க நினைப்பவர்களுக்கு இரண்டு பயம் உண்டு. ஒன்று, யாராவது புண்பட்டுவிடுவார்களோ என்பது. இன்னொன்று, ஜோக்கை நினைவில் வைத்துக்கொண்டு பொருளை மறந்துவிடுவார்களோ என்பது. இவற்றை இரண்டு தனித்தனி நோயாகப் பார்ப்பதே வழக்கம். எனக்கென்னவோ பெரும்பாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்று படுகிறது. சிரிப்பைப் பொருளுக்குள் தேடாமல் வெளியிலிருந்து இரவல் வாங்குவதுதான் அந்த வேர். வெளியிலிருந்து வாங்கும்போது கைக்கு எளிதாகக் கிடைப்பது யாரோ ஒருவருடைய நிறம், பேச்சு, உடம்பு, தொழில். அதனால் புண்படுகிறார்கள். இரவல் சரக்கு பொருளோடு ஒட்டாது, அதனால் பொருள் மறக்கப்படுகிறது.

‘உம்ஃப்’ என்ன செய்கிறது என்று பாருங்கள். அது எந்த மொழியின் சொல்லும் இல்லை. கெட்டியான தேநீரை ஒரு வாய் குடித்ததும் தொண்டையிலிருந்து எழுகிற நிறைவின் ஓசை. மலாய்க்காரர், சீனர், தமிழர் யாராக இருந்தாலும் அந்த ஓசை ஒன்றுதான். அதில் கேலிக்கு ஆளாக யாரும் இல்லை. ஓசை பிறக்கும் இடமும் தேநீர்தான். குடிக்காமல் அந்த ஓசை வராது. சவர்க்காரத்துக்கோ காலணிக்கோ அதைக் கழற்றி மாட்டினால் ஒட்டாது. முதல் சோதனையை இங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம்: உங்கள் விளம்பரத்தில் பொருளின் பெயரை அழித்துவிட்டு வேறொரு பொருளின் பெயரை எழுதுங்கள். ஜோக் அப்படியே வேலை செய்தால், அது உங்கள் ஜோக் இல்லை.

இந்தியாவில் ஃபெவிகால் பசை விளம்பரம் ஒன்று இந்தச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கும். கோழி ஒன்று ஃபெவிகால் டப்பாவிலிருந்து தீனி தின்கிறது. அது இட்ட முட்டையை எப்படி அடித்தாலும் உடைக்க முடியவில்லை. அவ்வளவுதான் கதை. முட்டை உடையாததற்குக் காரணம் பசை. பசையை எடுத்துவிட்டால் அங்கே வெறும் கோழியும் கோபக்கார சமையல்காரரும்தான் மிச்சம்.

பிரிட்டனில் ‘பி.ஜி. டிப்ஸ்’ தேயிலைக்காரர்கள் 1956இல் சிம்பன்சிக் குரங்குகளுக்குச் சட்டை போட்டு மேசையில் உட்காரவைத்துத் தேநீர் விருந்து நடத்தினார்கள். முதல் விளம்பரத்துக்குக் குரல் கொடுத்தவர் நடிகர் பீட்டர் செல்லர்ஸ். அந்தக் குரங்குகள் 2002 வரை வந்துபோயின. 1971இல் வந்த பியானோ தூக்கும் விளம்பரத்தை இன்றும் அங்கே பெரியவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். பியானோவுக்கும் தேயிலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அதற்குள் பதினைந்து ஆண்டுகளாக அந்தக் குரங்குகள் தேநீர் மேசையிலேயே உட்கார்ந்திருந்தன. குரங்கைப் பார்த்தாலே தேயிலை நினைவுக்கு வரும்படி ஆகிவிட்டது. அதன் பிறகு அவை பியானோவையும் தூக்கலாம். புதிதாகக் கடை திறந்தவர் முதல் நாளே பியானோவைத் தூக்கக் கூடாது. அதோடு, விலங்குகளை வேடம் கட்டி ஆடவிடுவதைப் பற்றிய மக்களின் எண்ணம் அந்த நாற்பத்தைந்து ஆண்டுகளில் மாறிவிட்டது. 1956இல் யாரையும் உறுத்தாத சிரிப்பு பின்னாளில் பலரை உறுத்தியது. எது புண்படுத்தும் என்பதற்கு நிரந்தரப் பட்டியல் கிடையாது.

இப்போது நம்மூர்க் கதைக்கு வருவோம். தானா ராத்தாவில் சிறிய அளவில் தேயிலையைப் பொட்டலம் கட்டி விற்கும் ஒரு தமிழ்க் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் ‘மலைச்சாரல் தேயிலை’. குடும்பமும் பெயரும் என் கற்பனை. வீட்டுப் பையன் கோலாலம்பூரில் படித்துவிட்டு வந்திருக்கிறான். தமிழ் வானொலிக்கு 30 விநாடி விளம்பரம் ஒன்று எழுதுகிறான்.

அவன் எழுதிய முதல் கதை இது. தேயிலைத் தோட்டம். கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாள், கொச்சை மலாயில் தப்பும் தவறுமாகப் பேசுகிறார். கங்காணி கத்துகிறார். அம்மாள் கூடையோடு வழுக்கி விழுகிறார். விழுந்தும் கூடையை விடவில்லை. “மலைச்சாரல் தேயிலை, விட மனசே வராது!” நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்கிறான்.

சிரித்திருப்பார்கள். இப்படிப்பட்ட வேடிக்கைகளை நாம் மேடை நாடகங்களில் நிறையப் பார்த்துவிட்டோம். ஆனால் இங்கே சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். கொச்சைப் பேச்சு ஒன்று, அதட்டல் ஒன்று, விழுவது ஒன்று. மூன்றும் அந்த அம்மாளின் தலையில் ஏறியிருக்கின்றன. தேயிலை எங்கே? கூடையில் கிடக்கிறது, அவ்வளவுதான். கூடையில் கத்தரிக்காய் இருந்தாலும் கதை இதேதான். கேமரன் மலையில் காய்கறிக்குப் பஞ்சமே இல்லையே!

யார் கேட்கப்போகிறார்கள் என்பதையும் நினைக்க வேண்டும். தமிழ் வானொலி கேட்கும் வீடுகளில், பாட்டியோ அவருடைய அம்மாவோ ஏதோ ஒரு தோட்டத்தில் வேலை செய்த குடும்பங்கள் ஏராளம். தென்னிந்தியாவிலிருந்து வந்து இந்தச் சரிவுகளில் கன்று நட்டவர்கள், லயத்தில் வாழ்ந்தவர்கள், நிறுவைக்காகக் கூடையோடு வரிசையில் நின்றவர்கள். அவர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே கேலி செய்துகொள்வார்கள். திண்ணையில் உட்கார்ந்து அந்த நாள் கங்காணியைப் போல் நடித்துக் காட்டும் தாத்தாவைவிட நல்ல நகைச்சுவை நடிகர் உண்டா? ஆனால் தாத்தா சொல்லும்போது சிரிப்பு மேலே, கங்காணியை நோக்கிப் போகிறது. விற்பனைக்காரன் சொல்லும்போது அதே சிரிப்பு கீழே, தாத்தாவின் மீது விழுகிறது. இன்று அதே சரிவுகளில் வங்காளதேசத்தவர், நேப்பாளியர், இந்தோனேசியர் பலர் வேலை செய்கிறார்கள். ‘அப்படியானால் பாத்திரத்தை வங்காளதேசத்தவராக மாற்றிவிடுகிறேன்’ என்று பையன் சொன்னால், பிரச்சினை தீரவில்லை. அடி வாங்கும் ஆள் மட்டும் மாறியிருக்கிறார்.

இந்த வகைச் சறுக்கல் பெரிய நிறுவனங்களுக்கும் நேரும். 2017 நோன்புப் பெருநாளுக்கு வாட்சன்ஸ் மலேசியா ஒரு நீண்ட காணொளி வெளியிட்டது. செல்வந்த வணிகர் இனிய குரலுடைய பெண்ணைத் தேடுகிறார். குரல் கிடைக்கிறது. முகத்திரை விலகினால் கறுப்பு மை பூசிய முகம், திடுக்கிடுகிறார். பிறகு அந்தப் பெண் கடைப் பொருள்களைப் பயன்படுத்தி வெளுத்து வருகிறாள். எதிர்ப்பு கிளம்பியது. பழைய மலாய்க் கதை ஒன்றைத் தழுவியது என்று முதலில் விளக்கம் வந்தது. பிறகு மன்னிப்புக் கேட்டுக் காணொளியை எடுத்துவிட்டார்கள். அங்கே பொருள் கதைக்குள்தான் இருந்தது என்று ஒருவர் வாதாடலாம். ஆமாம், இருந்தது. ஆனால் சிரிப்புப் பொருளில் இல்லை, கறுத்த முகத்தில் இருந்தது. பொருள் அந்த முகத்தைத் துடைக்கும் துணியாக வந்தது. கறுப்பாய் இருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் அந்தக் கடைக்குள் நுழையும்போது என்ன நினைப்பார் என்று, எழுதும் மேசையில் யாரும் கேட்கவில்லை போலும்.

பயந்து பயந்து செய்தாலும் தப்ப முடியாது. 2018 சீனப் புத்தாண்டு, நாய் ஆண்டு. உள்நாட்டு வாணிப அமைச்சு சீன நாளிதழில் கொடுத்த முழுப்பக்க வாழ்த்தில் ஒரு சேவல் ‘வாங் வாங்’ என்று குரைத்தது! சீனத்தில் அது நாய் குரைக்கும் ஓசை, செழிப்பையும் குறிக்கும். நாய்ப் படம் போடத் தயங்கித்தான் சேவலைப் போட்டார்கள் என்று பலர் பேசிக்கொண்டார்கள். தொழில்நுட்பத் தவறு என்று அமைச்சு மன்னிப்புக் கேட்டது. நாடே ஒரு வாரம் சிரித்தது. வாழ்த்து என்ன சொல்லியது என்பது யாருக்கும் நினைவில்லை.

பையனுக்கு வருவோம். அவன் மேசையில் இப்போது வெற்றுத் தாள். தேயிலைக்குள் சிரிப்பு எங்கே இருக்கும்? தேயிலையைப் பற்றி உண்மையாக என்னென்ன சொல்லலாம் என்று முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். பறித்த இலையை இரவெல்லாம் பரப்பி வாடவிடுகிறார்கள். பிறகு உருட்டிக் கசக்குகிறார்கள். காற்றுப்பட்டு அது செம்பு நிறமாகிறது. அனலில் உலர்த்தித் தரம் பிரிக்கிறார்கள். பொட்டலத்தைத் திறந்தால் மணம் வருகிறது. தூள் ரகம் சீக்கிரம் சாயம் இறங்கும், பால் ஊற்றினாலும் நிறம் நிற்கும். தே தாரேக்குக்கு அதுதான் ஏற்றது. மலையில் காலையில் குளிரும். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் எடுக்க வேண்டும். இரண்டு எடுத்தால் 30 விநாடி தாங்காது.

அவன் ‘ஒரு பையில் ஐந்து பேருக்குத் தேநீர்’ என்று மிகைப்படுத்தலாம் என்கிறான். ஒரே தேயிலைப் பையைக் கயிற்றில் கட்டிப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பும் காட்சி. வேடிக்கைதான். ஆனால் இது வேறு வகை ஆபத்து. ஃபெவிகால் முட்டையை யாரும் நம்பமாட்டார்கள், அதனால் அது மிகை. ஒரு பைக்கு ஐந்து குவளை என்பதை நம்பலாம். வாங்கிய ஒருவர் ஐந்தாவது குவளையில் வெந்நீரைக் குடித்துவிட்டுக் கடைக்கு வருவார். மிகைப்படுத்தினால் யாரும் நம்பாத உயரத்துக்குப் போக வேண்டும். நடுவில் நின்றால் அது வாக்குறுதி ஆகிவிடும்.

கடைசியில் அவன் மணத்தை எடுத்துக்கொள்கிறான். இரண்டாவது கதை:

கேமரன் மலைக் காலை. மழை ஓசை. அம்மா கூப்பிடுகிறார்: “டேய் தம்பி, எழுந்திரு!” குறட்டை. “ஏங்க, மணி ஏழு!” இன்னும் பெரிய குறட்டை. “மலைச்சாரல் டின் எங்கே வச்சேன்…” டின் மூடி திறக்கும் ‘டப்’ ஓசை. ஒரு விநாடி மௌனம். குறட்டை பாதியில் நிற்கிறது. ஒரு கதவு திறக்கிறது, இன்னொரு கதவு, ஓடிவரும் காலடிகள். பாட்டி: “எனக்குச் சீனி கம்மி!” மூச்சிரைக்க ஒரு குரல்: “அக்கா… பக்கத்து வீடு. சும்மாதான் வந்தேன்.” அறிவிப்பாளர்: “மலைச்சாரல் தேயிலை. மூடியைத் திறந்தால் போதும்.”

இதில் கேலிக்கு ஆளாவது யார்? போர்வையை விட மனமில்லாத நாம் எல்லோரும். அப்பாவும் மகனும் பாட்டியும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே அளவில் அகப்படுகிறார்கள். பக்கத்து வீட்டுக் குரலைச் சீனர் பேசும் தமிழில் வைக்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். வைக்கலாம், ஆனால் உச்சரிப்பே ஜோக் ஆகக் கூடாது. அந்தக் குரலைச் சாதாரணத் தமிழில் பேசவிட்டுப் பாருங்கள். அப்போதும் சிரிப்பு வந்தால் சரி. வராவிட்டால் இவ்வளவு நேரம் சிரித்தது உச்சரிப்புக்காகத்தான்.

பெயர் எங்கே வருகிறது என்பதையும் கவனியுங்கள். ‘மலைச்சாரல் டின் எங்கே’ என்பது சிரிப்புக்கு முன்னால் வருகிறது. பலர் பெயரைக் கடைசிக்கு வைத்திருப்பார்கள். கேட்பவர் சிரித்துக்கொண்டிருக்கும் அந்த ஒன்றிரண்டு விநாடியில் பெயர் கரைந்துவிடும். சிரிப்பைக் கிளப்பும் பொருளாகப் பெயர் முன்னாலேயே வந்துவிட்டால், கடைசியில் வருவது இரண்டாவது தடவை. இன்னொரு கணக்கு: இயல்பான வேகத்தில் தமிழில் 30 விநாடிக்கு அறுபது சொல்லுக்கு மேல் போகாது. நகைச்சுவைக்கு மௌனமும் ஓசையும் தேவை என்பதால் நாற்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பையனின் முதல் கதையில் அம்மாளையும் கங்காணியையும் அறிமுகப்படுத்தவே இருபது சொல் போயிருக்கும்.

முதல் சோதனையை இதற்கும் வைப்போம். தேயிலைக்குப் பதில் சவர்க்காரம் என்றால் கதை விழுந்துவிடுகிறது. நல்லது. காப்பி என்றால்? நிற்கிறது. இதுதான் இந்தக் கதையின் குறை, மறைக்க வேண்டியதில்லை. தேயிலையை மற்ற தேயிலையிலிருந்து பிரித்துக் காட்டுவது இன்னும் கடினம், ஏனென்றால் மணம் எல்லார் டின்னிலும் உண்டு. இதற்கு ஒரே வழி, ஏதாவது ஒரு சிறிய அடையாளத்தைச் சொந்தமாக்கிக்கொண்டு அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது. இங்கே அது மூடியின் ‘டப்’. அடுத்த விளம்பரத்திலும், அதற்கடுத்ததிலும் அதே ‘டப்’. ‘உம்ஃப்’ அப்படித்தான் சொந்தமானது. எந்த நிறுவனத் தேநீருக்கும் பொருந்தும் ஓசை அது. விடாமல் சொன்னவருக்கு உரிமையானது.

இங்கே பலர் தடம் மாறுவது பண்டிகை விளம்பரங்களைப் பார்த்துத்தான். யாஸ்மின் அகமது பெட்ரோனாசுக்காக எடுத்த படங்களை மறக்க முடியுமா? 2007 சுதந்திர தினத்துக்கு வந்த ஒன்றில், ஒரு சீனச் சிறுவன் தன் வகுப்பு மலாய்ச் சிறுமியைப் பிடிக்கும் என்று வெட்கத்தோடு சொல்வான். நாம் சிரித்தோம், கொஞ்சம் கண்ணும் கலங்கியது. யாரும் புண்படவில்லை. ஆனால் அதில் பெட்ரோல் எங்கே? இல்லை, இருக்கவும் தேவையில்லை. பெட்ரோனாஸ் அன்று எண்ணெய் விற்கவில்லை, நாட்டு மக்களிடம் நல்ல பெயரைத் தேடிக்கொண்டது. அலமாரியில் எட்டு வகைத் தேயிலைக்கு நடுவே நிற்கும் மலைச்சாரல் அந்த வழியில் போனால், பார்த்தவர்கள் நெகிழ்ந்துவிட்டுப் போய்ப் பக்கத்துப் பொட்டலத்தை எடுப்பார்கள். தீபாவளிக்கு ஆயிரக்கணக்கான வெள்ளி செலவழித்துக் கண்ணீர்ப் படம் எடுக்கும் சிறு வியாபாரிகள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பதிவுக்குப் போகும் முன் ஒரு வேலை பாக்கி. விளம்பரத்தை ஐந்து பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். எழுதியவரின் நண்பர்கள் வேண்டாம். தோட்டத்தில் வேலை செய்த ஒரு பாட்டி, பள்ளி மாணவர் ஒருவர், தமிழ் அரைகுறையாகப் புரியும் பிற இனத்தவர் ஒருவர், கடையில் தேநீர் ஆற்றுபவர் ஒருவர், உங்களை அவ்வளவாகப் பிடிக்காத உறவினர் ஒருவர். கடைசி ஆள் மிக முக்கியம், குறை சொல்வதில் அவர் கஞ்சத்தனம் காட்டமாட்டார். ‘சிரிப்பு வந்ததா?’ என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு வந்தது என்பார்கள். மறுநாள் கூப்பிட்டு, ‘நேற்றுக் கேட்டதை உங்கள் வீட்டாருக்குச் சொல்வதுபோல் எனக்குச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். ‘அந்த அக்கா வீட்டுக்கு ஆள் ஓடி வருமே’ என்று தொடங்கி டின்னைச் சொல்லாமலே முடித்தால் கதை பொருளை விழுங்கிவிட்டது. ‘டின்னைத் திறந்ததும்’ என்று தொடங்கினால் நிம்மதியாகத் தூங்கலாம். பாட்டி பேச்சைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் மட்டும் விடாதீர்கள். சிரிக்காதது பரவாயில்லை, சிரித்துவிட்டு முகம் மாறினாரா என்று பாருங்கள். முகம் மாறியது யாருடைய வரியில் என்று கண்டுபிடித்து அந்த வரியை எடுத்துவிடுங்கள், அது எவ்வளவு பிடித்த வரியாக இருந்தாலும்.

வானொலியில் ஒரே விளம்பரம் ஒரு நாளைக்குப் பல தடவை வரும். பக்கத்து வீட்டுக்காரரின் ‘சும்மாதான் வந்தேன்’ இரண்டாம் வாரத்தில் சலித்துவிடும், அது இயல்பு. அதனால் அந்த ஒரு வரிக்கு மட்டும் மூன்று நான்கு மாற்றுகளைப் பதிவின்போதே எடுத்து வைத்துக்கொள்வது செலவில்லாத வேலை: ஒரு வாரம் தபால்காரர், ஒரு வாரம் பாதை தவறிய சுற்றுலாப் பயணி, ஒரு வாரம் கடன் கேட்க வந்தவர் கேட்க மறந்து உட்கார்ந்துவிடுவது. ‘டப்’ மட்டும் மாறாமல் அதே இடத்தில் இருக்கட்டும்.